‘தேட்’டுக்குள் இருப்பது

சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களைப் பற்றி ஊர்ப்பெண் ஒருத்தி கல்லூரிக்காக ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையைத் திருத்தப் பென்சிலோடு உட்கார்ந்தேன். ‘டோன்ட்’ எல்லாம் ‘டூ நாட்’ ஆவது, பூத்தொடுத்த நாரின் முடிச்சு நகத்துக்கு இளகுவதுபோல ஒரு சுகம். ஆனால் ‘தேட் கம்’ என்ற இடத்தில் பென்சில் நின்றது. ‘தேட்’டுக்குள் ‘ஹேட்’ இருக்கலாம், ‘வுட்’டும் இருக்கலாம். அடுத்த சொல் ‘கான்’ என்றால் ‘ஹேட்’, ‘கோ’ என்றால் ‘வுட்’. ‘கம்’ இரண்டுக்கும் பொருந்தித் தொலைக்கிறது. “வயலைப் பார்க்க வர்றவங்க ஒரு தடவை வந்திருந்தாங்களா, வழக்கமா வருவாங்களாம்மா?” “நான் சின்னப் பிள்ளையா இருக்கையில குத்தால சீசனுக்கு வருஷா வருஷம் வருவாங்க சார்.” ‘வுட்’ என்று எழுதினேன்.

அடுத்த வரி, தமிழில் சொன்னால், ‘எங்கள் வலி இவர்களுக்குப் புரியவில்லையா?’ தமிழ்ப் பேச்சில் இந்தக் கேள்விக்கு நல்ல வலு. ஆய்வுக் கட்டுரையிலோ, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறது. கேள்விக்குறியை எடுத்தால் மட்டும் போதாது. யார், எதை, என்ன செய்தார்கள் என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல வாக்கியம் திரண்டது: ‘படமெடுக்க வரப்பைத் தாண்டுவோர் பூத்த செடிகளை மிதிக்கின்றனர்.’ ‘மிதிக்கக்கூடும்’ என்று தணிக்கப் பார்த்தேன். அவள் கண்ணால் கண்டது, தணிக்கவில்லை. உரக்கப் படித்தாள். ‘வலி’ என்ற சொல் இப்போது அதில் இல்லை. தண்டு நொறுங்கும் ஓசை இருந்தது.