வெளிச்சத்தைக் குறைத்தால் துடிக்கும் திரை

புக்கிட் ரோத்தானில் இருக்கும் என் அக்கா மகள் பட்டயப் படிப்பின் விரிவுரைகளைக் கைப்பேசியில்தான் பார்க்கிறாள். அவளுக்காகத் தேடி எடுத்த சாம்சங் கேலக்சி ஏ05எஸ் சில வாரங்களாக வீட்டில் இருக்கிறது. 6.7 அங்குல எல்சிடி திரை, 5000 எம்ஏஎச் பேட்டரி, மெமரி கார்டு வசதி என்பதெல்லாம் கடைக்காரரே ஒப்பிக்கும் விவரங்கள். நான் சொல்ல வந்தது முக்கியமாகத் திரையைப் பற்றித்தான்.

அதற்கு முன் அவளிடம் இருந்தது வேறொரு நிறுவனத்தின் அமோலெட் திரைக் கைப்பேசி. பகலில் பளிச்சென்று அழகாகத் தெரியும். இரவில்தான் வம்பு. அக்கா விடிவதற்குள் வேலைக்குக் கிளம்ப வேண்டியவள். எல்லாரும் படுப்பது ஒரே கூடத்தில். ஆகவே மகள் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டுப் பாடம் பார்ப்பாள். ஒரு மணி நேரம் போனால், "கண்ணுக்குப் பின்னால குத்துது மாமா" என்பாள். நீல ஒளியைக் குறைக்கும் வசதியைப் போட்டுப் பார்த்தோம். திரை மஞ்சளானது, வலி அப்படியே இருந்தது.

காரணம் திரை மங்கும் விதத்தில் இருக்கிறது. பல அமோலெட் திரைகளில் வெளிச்சத்தைக் குறைக்கும்போது ஒளியின் அளவு மட்டும் குறைவதில்லை. திரை அணைந்து அணைந்து எரிகிறது. நொடிக்குச் சுமார் 240 முறை என்பது சாதாரணமாகக் காணும் வேகம். எவ்வளவு மங்கலாக்குகிறோமோ அவ்வளவு நேரம் அது அணைந்தே இருக்கும். கண்ணுக்கு அந்தத் துடிப்பு தெரியாது, ஆனால் சிலருக்கு அது தலைவலியாக வந்து நிற்கும். எல்லாருக்கும் வருவதில்லை, வருபவர்களுக்கு மூன்று மணி நேர விரிவுரை தண்டனைதான்.

இதைக் கடையிலேயே கண்டுபிடித்துவிடலாம். வாங்கப்போகும் கைப்பேசியில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தைக் கால்வாசிக்கும் கீழே இறக்குங்கள். இன்னொரு கைப்பேசியின் கேமராவை 'புரோ' முறைக்கு மாற்றி, ஷட்டரை 1/1000 நொடிக்கு வைத்து அந்தத் திரையைப் பாருங்கள். தடித்த கறுப்புப் பட்டைகள் ஓடினால் துடிப்பு மெதுவாகவும் ஆழமாகவும் இருக்கிறது என்று பொருள். பட்டை மெலிந்து மங்கலாக இருந்தால் துடிப்பு வேகமானது, பரவாயில்லை. முழு வெளிச்சத்தில் சோதித்தால் பல திரைகள் நல்ல பிள்ளையாகத் தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். அக்கா மகளின் பழைய கைப்பேசியில் வரிக்குதிரை ஓடியது. நாங்கள் எடுத்த ஏ05எஸ்-இல் பட்டை எதுவும் தெரியவில்லை. இப்போது இரவில் அந்தக் குத்தல் இல்லை என்கிறாள். நெடுநேரம் கிட்டத்தில் பார்ப்பதால் வரும் கண் சோர்வு இருக்கத்தான் செய்கிறது. அதற்கு எந்தத் திரையிலும் மருந்தில்லை.

புதிது வாங்க வசதியில்லாதவர்கள் ஒன்று செய்யலாம். ஆண்ட்ராய்டு 12 முதல் வந்த பலவற்றில் 'எக்ஸ்ட்ரா டிம்' என்ற வசதி உண்டு. திரையின் வெளிச்சத்தைப் பாதிக்கு மேல் வைத்துக்கொண்டு, இதைப் போட்டு மங்கலாக்குங்கள். இது படத்தின் வெண்மையைத்தான் குறைக்கிறது, துடிப்பை ஆழமாக்குவதில்லை.

திரைக்கு அடுத்து நான் பார்த்தவை பேட்டரியும் சேமிப்பிடமும். எங்கள் பக்கத்தில் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. பட்டணத்தில் நன்றாக வரும் சிக்னல் செம்பனைத் தோட்டத்துக்குள் போனதும் ஒரு கோடாகிவிடும். சிக்னலைத் தேடித் தேடிக் கைப்பேசி சூடாகும், பேட்டரி கரையும். அதனால் நேரலையை விட்டுவிட்டு, பதிவான விரிவுரையை வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கிக்கொண்டு, இரவில் விமான முறையில் பார்ப்பதே சரி. 480பி தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 300 எம்பி என்று வைத்துக்கொள்வோம். வாரம் 20 மணி நேரம் என்றால் 6 ஜிபி, 14 வாரத் தவணைக்கு 84 ஜிபி. 128 ஜிபி கைப்பேசியில் அமைப்பும் செயலிகளும் புகைப்படங்களும் எடுத்துக்கொண்டது போக அவ்வளவு இடம் மிஞ்சாது. மெமரி கார்டு துளை இல்லாத எதையும் நான் அவளுக்காகக் கையில்கூட எடுக்கவில்லை. கணக்குப் பாடத்தில் பலகை எழுத்து சிறிதாக இருந்தால் 720பி வேண்டும், அப்போது இடம் இன்னும் இரண்டு மூன்று மடங்காகும்.

மறுபடி திரைக்கு வந்தால், எல்சிடியிலும் குறை உண்டு. இருட்டறையில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். 'டார்க் மோட்' போட்டால் பேட்டரி மிச்சமாகும் என்பது அமோலெட்டுக்குத்தான். எல்சிடியில் பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதால் அதில் பயனில்லை. மிச்சம் பிடிக்க வெளிச்சத்தைத்தான் குறைக்க வேண்டும், அதை அவள் இப்போது வலியில்லாமல் செய்கிறாள்.