வினாத்தாளின் கோட்டு வடிவங்களும் ஒரு கைப்பேசிச் செயலியும்

கரிம வேதியியல் வினாத்தாளைக் கைப்பேசியால் படமெடுத்து, அதில் வரைந்துள்ள அமைப்பு ஒவ்வொன்றுக்கும் வினைச்செயல் தொகுதியையும் பெயரையும் கூறுகின்ற செயலியொன்றை, மாணவர்களுக்கு விடைக்குறிப்பு தயாரிக்கும் வேலைக்காகக் கடந்த இரண்டு மாதங்களாக அநேகமாகத் தினந்தோறும் பயன்படுத்தி வந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எனக்குத் தெளிவான முக்கிய விஷயம், பெயரிடுவதில் அது தவறுவது அபூர்வம், பார்ப்பதிலேதான் தவறுகிறது என்பதாகும்.

படத்திலுள்ள கோடுகளையும் எழுத்துக்களையும் அணுக்களாகவும் பிணைப்புகளாகவும் வாசித்து, SMILES என்னும் ஒற்றை வரிக் குறியீடாக முதலில் மாற்றிக்கொள்கிறது; பின்னர் அந்த வரியை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு, விதிகளின்படி பெயரை அமைக்கிறது. ஆகையால் முதற்படியில் பிழை நேர்ந்தாலும், இரண்டாம் படி சற்றும் தயங்காமல் இலக்கண சுத்தமான ஒரு பெயரையே தந்துவிடும். பெயரின் தோற்றத்தைக் கொண்டு பிழையைக் கண்டுபிடிக்க இயலாது.

ஓர் உதாரணம் கூறுகிறேன். நகலெடுத்த தாளொன்றில் எத்தில் எத்தனோயேட்டின் அமைப்பு, கார்பனை எழுத்தால் காட்டாமல் வளைவுகளால் மட்டும் காட்டும் கோட்டு வடிவில் இருந்தது. ஆக்சிஜனுக்கு அப்பால் இரண்டு சிறு கோடுகள் வளைந்து செல்ல வேண்டிய இடத்தில், வரைந்தவர் கை சற்றே நேராக ஓடிவிட்டபடியால், வளைவு கண்ணுக்கே அரிதாகத்தான் புலப்பட்டது. விளக்கின் நிழலும் தாளில் விழுந்திருந்தது. அந்த வளைவில் ஒரு கார்பன் இருக்கிறது என்பதைச் செயலி உணரவில்லை. இருந்ததும் அது வாசித்ததும் முறையே இவை:

```
CC(=O)OCC
CC(=O)OC
```

பெயர் மெத்தில் எத்தனோயேட் என்று வந்தது. பெயருக்குக் கீழே C3H6O2 என்ற வாய்பாடும் 74 என்ற மூலக்கூறு எடையும் காட்டப்பட்டிருந்தன. வினாவிலோ C4H8O2 என்று அச்சாகியிருந்தது. வித்தியாசம் ஒரு CH2, அதாவது 14. ஓர் அமைப்பில் வளைவு தவறிப்போனால் பெரும்பாலும் இதே பதினான்குதான் குறையும் என்பதால், வாய்பாட்டை ஒப்பிடுவது மிக விரைவான சோதனை. வினாவில் வாய்பாடு கொடுக்கப்படாதபோது, செயலி தானே மறுபடி வரைந்து காட்டும் படத்தில் முனைகளையும் வளைவுகளையும் விரல் வைத்து எண்ணி, தாளிலுள்ளதோடு பொருத்திப் பார்க்கிறேன். மறுவரைவைக் காட்டாமல் பெயரை மட்டும் தரும் செயலியை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மேலிருந்து நேராக, பகல் வெளிச்சத்தில், ஓர் அமைப்பை மட்டும் கத்தரித்து எடுத்த படமே நல்ல பலன் தருகிறது. பக்கத்து வினாவின் எண்ணோ அம்புக்குறியோ உள்ளே வந்துவிட்டால், அதையும் பிணைப்பாகக் கொண்டுவிடுவதுண்டு. முப்பரிமாணத்தைக் காட்டும் கோடிட்ட ஆப்புப் பிணைப்புகள் மங்கலான படத்தில் சாதாரணக் கோடாகிவிடுகின்றன. அப்போது பெயரிலிருந்து R, S குறிகள் ஓசையின்றி மறைந்துவிடும்.

வினைச்செயல் தொகுதியை நிறமிட்டுக் காட்டும் பகுதியில் வேறொரு குறையுண்டு. மேற்சொன்ன எஸ்டரையே தெளிவாகப் படமெடுத்துக் கொடுத்தபோது, பெயரைச் சரியாகக் கூறிய செயலி, தொகுதிகளின் வரிசையில் எஸ்டரோடு கீட்டோனையும் ஈதரையும் சேர்த்துக் குறித்தது. C=O என்ற துண்டையும் C-O-C என்ற துண்டையும் அது தனித்தனியே தேடுகிறபடியால் இப்படி நேர்கிறது. கீட்டோனில் கார்பனைல் கார்பனின் இருபுறமும் கார்பன்தான் இருக்க வேண்டும். இங்கே ஒருபுறம் ஆக்சிஜன் இருக்கிறது. அந்த ஆக்சிஜனும் கார்பனைலோடு சேர்ந்து எஸ்டராகிவிட்ட பின்பு, தனியே ஈதராக எண்ணத்தக்கதன்று. பெயரின் ஈற்றில் ‘ஓயேட்’ இருக்க, நிறத்தில் கீட்டோன் தெரிந்தால், பெயரையே நம்புக.

கடைசியாக, பிழையென்று நான் தவறாக எண்ணிய ஒன்றையும் சொல்ல வேண்டும். CCC(=C)CCC என்ற அமைப்புக்கு அது 3-மெத்திலிடீன்ஹெக்சேன் என்று பெயர் கொடுத்தது. இரட்டைப் பிணைப்பு அடங்கிய தொடரையே முதன்மைத் தொடராகக் கொள்ளவேண்டும் என்று படித்த நமக்கு, இது 2-எத்தில்பென்ட்-1-ஈன் அல்லவா! ஆனால் ஐயூபிஏசியின் 2013ஆம் ஆண்டுப் பரிந்துரைகள், இரட்டைப் பிணைப்பைக் காட்டிலும் தொடரின் நீளத்துக்கே முன்னுரிமை வழங்குகின்றன. அதன்படி ஆறு கார்பன் தொடரே பிரதானம், இரட்டைப் பிணைப்பில் தொங்கும் கார்பன் பக்கத்தொகுதி. பழைய விதியைப் போதிக்கும் பாடநூலை வைத்துத் திருத்துகிறவரிடம் புதிய பெயரை எழுதும் மாணவன் மதிப்பெண்ணை இழக்கக்கூடும். ஆகவே இத்தகைய அமைப்பு வரும்போதெல்லாம் என் விடைக்குறிப்பில் பாடநூலின் பெயரை முதலிலும், செயலியின் பெயரை அதன் கீழே காரணத்தோடும் எழுதி வைக்கிறேன்.