இலச்சினைக்கு ஆகும், கல்வெட்டுக்கு ஆகாது

வட்டுக்கோட்டையில் மிளகாய்த்தூள் அரைத்துப் பொதிசெய்து விற்கும் ஒருவர் தன் லேபலை ஊரிலேயே ஒரு பிள்ளையைக் கொண்டு செய்வித்து, கோரல்ட்ரோ கோப்பை யாழ்ப்பாண நகரத்து அச்சகம் ஒன்றுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையின் கணினியில் ஊர்ப்பெயர் அழகாகத்தான் இருந்தது. அச்சகத்தில் திறந்தால் அந்த இடத்தில் இப்படி நிற்கிறது:

```
tl;Lf;Nfhl;il
```

பாமினியில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள் இதைப் பார்த்த உடனேயே ‘வட்டுக்கோட்டை’ என்று வாசித்துவிடுவார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் தமிழ் எழுத்துகளை ஆங்கில விசைகளின் இடத்தில் வைத்தவை. t என்ற இடத்தில் வகரத்தின் உருவமும், l என்ற இடத்தில் டகரத்தின் உருவமும், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்ப்புள்ளியும் இருக்கின்றன. கோப்புக்குள் பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகள் மட்டுமே. பாமினி இல்லாத கணினி அவற்றை உள்ளபடி காட்டுகிறது. ஆங்கில இலச்சினையில் எழுத்துரு தொலைந்தால் அழகு மட்டும்தான் போகும், பெயர் நிற்கும். எங்களுக்குப் பெயரே போய்விடுகிறது.

யூனிகோடில் செய்திருந்தால் இந்த விபத்து இல்லை, ஆனால் வேறொன்று காத்திருக்கிறது. யூனிகோடில் ‘டை’ என்பது முதலில் டகரமாகவும் பிறகு ஐகாரக் குறியாகவும் பதிவாகிறது. குறியைத் தூக்கி இடப்பக்கம் வைப்பது மென்பொருளின் வேலை. பழைய பதிப்புகள் பல இதைச் செய்யாமல் குறியை வலப்பக்கமே விட்டுவிடும். இல்லஸ்ட்ரேட்டரில்கூடத் தெற்காசிய மொழிகளுக்கான பந்தி அமைப்பைத் தெரிந்தெடுக்காவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கும். பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டுவதால் எந்த மென்பொருளிலும் அது குலைவதில்லை. அச்சகங்கள் இன்னும் அதை விடாமல் வைத்திருப்பதற்கு இது நியாயமான காரணம்தான்.

ஆகவேதான் அச்சகத்தார் “கேர்வ்ஸ் ஆக்கி அனுப்புங்கோ” என்கிறார்கள். எழுத்தை எழுத்தாக விடாமல், அதன் விளிம்பை வளைகோடுகளாக மாற்றிவிடுவது. கோரல்ட்ரோவில் சொல்லைத் தெரிந்தெடுத்து Ctrl+Q, இல்லஸ்ட்ரேட்டரில் Shift+Ctrl+O, இங்க்ஸ்கேப்பில் Shift+Ctrl+C. அதற்குப் பிறகு அது சொல் அல்ல, வட்டம் சதுரம் போல ஒரு வரைபடம். எந்தக் கணினியில் திறந்தாலும் அதே உருவம் வரும். வேலை முடிந்ததா என்று தெரிந்துகொள்வதும் எளிது. கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி, அக்ரோபாட்டில் அதன் பண்புகளுக்குள் எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் அது வெறுமையாக இருக்கவேண்டும். கட்டளை வழியில் பார்ப்பவர்களுக்கு ஒரு வரி போதும்:

```
pdffonts label.pdf
```

தலைப்பு வரிகளுக்குக் கீழே ஏதாவது பெயர் வந்தால், எங்கோ ஒரு சொல் மாறாமல் தப்பிவிட்டது. பெரும்பாலும் அது மூலையில் சிறிதாக இருக்கும் நிறை அல்லது திகதி வரியாக இருக்கும்.

முற்காலத்தில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி இருந்தது. வட்டுக்கோட்டைச் செமினரியோடு தொடர்புடையவர்கள் ஆசிரியர்களாக இருந்து 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’, மானிப்பாயில் அமெரிக்க மிஷனின் அச்சகத்தில் அச்சானது. ஈய எழுத்து அச்சகத்தின் பெட்டிக்குள் இருந்தது, எழுதியவரிடம் இருந்தது கையெழுத்துப் பிரதி மட்டும். எந்த எழுத்து இருக்கிறது என்பது அச்சகத்துக்குத் தெரியும், இல்லாத எழுத்தைக் கேட்க வழியில்லை. கடையின் பெயர் ஒரே வடிவில் எப்போதும் வரவேண்டும் என்றால் அதைத் தகட்டில் செதுக்கி ‘புளொக்’ செய்வார்கள். எந்த அச்சகத்துக்குக் கொண்டுபோனாலும் அந்தப் புளொக் அதே உருவத்தைத்தான் பதிக்கும். இன்றைய வளைகோடு அந்தப் புளொக்கின் வேலையைச் செய்கிறது. புளொக்கில் எழுத்துப்பிழை இருந்தால் அதுவும் ஒவ்வொரு தாளிலும் விழும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

இந்த முறையின் முதற் குறை அங்கேதான் தொடங்குகிறது. இரட்டைக்கொம்பு இடம் மாறி நிற்கும்போது Ctrl+Q அழுத்தினால், பிழை பிழையாகவே உறைந்துவிடும். அதன்பிறகு எழுத்துப் பரிசோதனை செய்ய அங்கே எழுத்து இல்லை. ஆகவே மாற்றுவதற்கு முன்னர், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்க்கவேண்டும்.

இரண்டாவது குறை தமிழுக்கே உரியது, ஆனால் பேசப்படுவது குறைவு. பாமினியில் ‘மி’ ஓர் எழுத்தல்ல, மகரத்தின் மேல் இகரக் கொக்கி வந்து சாய்ந்து படிகிற இரண்டு உருவங்கள். கறுப்பு மையில் அச்சிடும்போது ஒன்றின் மேல் ஒன்று படிவது கண்ணுக்குத் தெரியாது. வளைகோடாக்கினால் இரண்டு விளிம்புகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கும். அதே கோப்பு முச்சக்கரவண்டிக் கண்ணாடிக்கு ஸ்ரிக்கர் வெட்டும் கடைக்குப் போகும்போதுதான் விஷயம் வெளியே வரும். வெட்டும் இயந்திரத்தின் கத்தி கண்ட கோடெல்லாம் வெட்டும். ‘மிளகாய்’ என்பதன் முதல் எழுத்திலேயே கொக்கி தனித் துண்டாகவும், படிந்த இடம் இன்னொரு சிறு துண்டாகவும் கழன்று வரும். வளைகோடுகளை ஒன்றாக இணைக்கிறேன் என்று கோரல்ட்ரோவில் Combine கொடுத்தவர்களுக்கு, படிந்த இடம் அச்சிலேயே வெள்ளைத் துளையாக விழும். கொடுக்கவேண்டியது Weld. இல்லஸ்ட்ரேட்டரில் அதற்குப் பெயர் Unite. நிறத்தை மறைத்துக் கோடு மட்டும் காட்டும் Wireframe பார்வையில் வைத்தால், எங்கே கோடுகள் குறுக்கிடுகின்றன என்பது உடனே தெரியும். மெய்ப்புள்ளிகள் வேறு தொல்லை. ‘வட்டுக்கோட்டை’யில் மூன்று புள்ளிகள். சிறிய ஸ்ரிக்கரில் வேண்டாத தாளை உரிக்கும்போது முதலில் போவது அவைதாம். அதற்காகப் புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்குவது இலச்சினை வரைபவர் செய்யக்கூடிய, எழுத்துரு செய்யாத வேலை.

எழுத்தைச் சுற்றிப் போடும் ஓரக்கோடும் ஏமாற்றும். எழுத்து வளைகோடாகிவிட்டது என்று நினைத்திருப்போம், ஆனால் அதைச் சுற்றிய 1 புள்ளித் தடிப்புக் கோடு இன்னும் கோடாகவே இருக்கும். 4 சென்ரிமீற்றர் லேபலை 4 மீற்றர் பெயர்ப்பலகைக்குப் பெரிதாக்கினால், எழுத்து நூறு மடங்கு வளரும். அந்த ஓரம் ஏறத்தாழ மூன்றரைச் சென்ரிமீற்றராக வந்திருக்கவேண்டும். கோட்டையும் சேர்த்துப் பெரிதாக்கும் தெரிவு அணைந்திருந்தால், அது மயிரிழையாகவே நின்று காணாமற்போகும். ஓரத்தையும் தனியாக உருவமாக்கவேண்டும். கோரல்ட்ரோவில் Ctrl+Shift+Q.

வியாபாரக் குறிப் பதிவுக்கு வளைகோடு கட்டாயம் என்று வடிவமைப்பாளர்கள் சொல்வதுண்டு. இது பாதி உண்மை. பதிவு அலுவலகங்கள் பொதுவாகக் கேட்பது குறியின் தெளிவான படம். இந்தியாவின் 2017 விதிகள் 8 சென்ரிமீற்றருக்கு 8 சென்ரிமீற்றருக்குள் அடங்கும் படம் கேட்கின்றன. அமெரிக்க அலுவலகத்தின் விதியில் அது 250 முதல் 944 பிக்சல் வரையான ஜேபெக். இவற்றில் எதையும் எழுத்துருவிலிருந்தே எடுத்துவிடலாம். ஒரு சொல்லை எந்த வடிவில் எழுதினாலும் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்பவருக்கு வளைகோடே தேவையில்லை. ஆனால் அமெரிக்காவில் அந்த வசதி இலத்தீன் எழுத்துகளுக்கு மட்டும். தமிழில் எழுதிய பெயர் அங்கே ஒரு சித்திரமாகத்தான் போகமுடியும். ஆகவே அங்கு சரக்கு அனுப்ப நினைக்கும் தமிழ் வியாபாரிக்குத் தன் எழுத்தின் வளைவு நெளிவும் உரிமையின் பகுதியாகிவிடுகிறது.

இந்தப் பதிவு நெடுநாள் வாழ்வது என்பதுதான் வளைகோட்டுக்கு உண்மையான காரணம். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு குறியின் பதிவு விண்ணப்பித்த நாளிலிருந்து 10 ஆண்டுகளுக்கு நிற்கும். பின்னர் பத்துப் பத்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். எழுத்துருக்களுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை. ஒரு காலத்தில் அச்சுத்துறையை ஆண்ட டைப் 1 எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி 2023 சனவரியில் நிறுத்தியது. அவற்றில் அமைத்த பழைய கோப்புகளைப் புதிய இல்லஸ்ட்ரேட்டரில் திறந்தால், எழுத்துரு இல்லை என்ற அறிவிப்புத்தான் வரும். பதிவுசெய்த படம் ஒன்று, பத்தாம் ஆண்டில் பொதியில் நிற்கும் எழுத்து இன்னொன்று என்றால், அது அதே குறிதான் என்று நிறுவவேண்டிய பாடு உரிமையாளருக்கு வந்து சேரும். சிறு வேறுபாடுகளைச் சட்டம் மன்னிக்கக்கூடும். மன்னிப்புக் கேட்கும் நிலைக்கு ஏன் போகவேண்டும்? அலுவலகத்துக்குக் கொடுக்கும் படமும், அச்சகத்துக்கும் ஸ்ரிக்கர் கடைக்கும் போகும் கோப்பும் ஒரே வளைகோட்டுத் தாய்க் கோப்பிலிருந்து பிறக்கவேண்டும்.

வளைகோடாக்கினால் எழுத்துருவின் உரிமச் சிக்கலும் தீர்ந்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். தீராது. சொந்தப் பாவனைக்கு மட்டும் என்று கொடுத்த எழுத்துருவின் உருவம், வளைகோடான பிறகும் அதே உருவம்தான். முக்த மலர், கற்றமரன் போன்ற திறந்த உரிமத் தமிழ் எழுத்துருக்களில் தொடங்குவது பாதுகாப்பு.

நன்மையெல்லாம் இலச்சினை என்ற அளவோடு நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாளுக்கு அச்சிடும் கல்வெட்டுகளை, எழுத்துருத் தொல்லைக்குப் பயந்து, முதற்பக்கம் முதல் கடைசிப்பக்கம் வரை வளைகோடாக்கி அனுப்புவதை நான் எதிர்க்கிறேன். அச்சுக்குப் போகும் இரவில் மருமகன் ஒருவரின் பெயர் விடுபட்டது தெரியவந்தால், அதை நுழைக்க அங்கே வரியே இல்லை. நீண்ட உரைக்கு எழுத்துருவைப் பிடிஎஃப்புக்குள்ளேயே பொதிந்து அனுப்பலாம். அச்சுக்கான பிடிஎஃப்-எக்ஸ் முறை அதைத்தான் கேட்கிறது. இன்னொரு இழப்பு பிற்பாடு தெரியும். பாமினியில் உள்ள பிடிஎஃப்பில் ஒருவர் பாட்டனாரின் பெயரைத் தேடினால் நேரடியாகக் கிடைக்காது. ஆனால் அந்த உரையைப் பிரதியெடுத்து மாற்றியில் போட்டால் யூனிகோடாகிவிடும். குடும்ப வரலாறும் ஊர் உறவுமுறையும் தாங்கிய அந்தப் பக்கங்களை வளைகோடாக்கிவிட்டால், மாற்றிக்குக் கொடுக்க எழுத்து ஒன்றும் மிஞ்சாது. படத்தைப் பார்த்து எழுத்தை ஊகிக்கும் மென்பொருளிடமோ, மறுபடி தட்டச்சுச் செய்யும் ஒருவரிடமோதான் போகவேண்டும்.

மிளகாய்த்தூள்காரர் அந்தப் பிள்ளையிடம் கேட்டு வாங்கவேண்டியவை இரண்டு கோப்புகள். Weld செய்து, ஓரமும் உருவமாக்கி, எழுத்துருப் பட்டியல் வெறுமையான ஒன்று வெளியே போவதற்கு. எழுத்து எழுத்தாகவே இருக்கும் மற்றது, எழுத்துருவின் பெயரும் பதிப்பும் குறித்து, அவர் கையிலேயே இருப்பதற்கு. நாளைக்கு மஞ்சள்தூளும் போடுவதென்றால் அந்த இரண்டாவது கோப்பைத்தான் திறக்கவேண்டிவரும்.