கலைச்சொல்லை ஆங்கிலத்திலேயே விடலாமா? ஒரு சப்டைட்டில் கோப்பின் கணக்கு

உடுப்பிட்டியில் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைக்கு வெக்டர் என்பது காவி, மேட்ரிக்ஸ் என்பது தாயம். பள்ளிக்கூடமும் ரியூட்டரியும் கடந்தகால வினாத்தாளும் அப்படித்தான் சொல்கின்றன. அதே பிள்ளை கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பொறியியல் பீடத்துக்குப் போனால், பாடம் ஆங்கிலத்தில் தொடங்கிவிடும். கணக்கு புதிதல்ல, அதன் பெயர்கள்தான் புதியவை. இந்த இடைவெளியைக் கடக்க, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நல்ல ஆங்கில விரிவுரை ஒன்றுக்குத் தமிழ்ச் சப்டைட்டில் கோப்பு செய்து கொடுப்பது நியாயமான வேலை. அப்படிச் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே விதியைப் பிடித்துக்கொள்கிறார்கள்: நேரம் பிசகக் கூடாது, கலைச்சொல் எல்லாம் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். அந்த விதி எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க வேண்டும்.

பரிசோதிக்க நான் எடுத்துக்கொள்வது கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் இயற்கணித விரிவுரை. எம்.ஐ.டி.யில் 1999இல் பதிவான 18.06 என்ற பாடநெறியின் முதல் வகுப்பு. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைப்பதால், மூலத்தைக் குறிப்பிட்டு, வணிக நோக்கமில்லாமல், அதே உரிமத்தில் மொழிபெயர்ப்பை வெளியிடலாம். அந்த வகுப்பில் அவர் எடுத்துக்கொள்ளும் கணக்கு சாதாரண தரப் பிள்ளைக்கே தெரிந்தது: இரண்டு ஒருங்கமை சமன்பாடுகள்.

```
2x - y = 0
-x + 2y = 3
```

விடை x = 1, y = 2. இந்த விடையைக் கண்டுபிடிப்பது அவருடைய நோக்கமல்ல. நம் பள்ளியில் இதை இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியாக வரைவோம். அவர் அதை நிரை நிரையாகப் பார்ப்பது என்று சொல்லிவிட்டு, அடுத்ததாக நிரல் நிரலாகப் பார்க்கச் சொல்கிறார். (2, −1) என்ற நிரலில் ஒன்று, (−1, 2) என்ற நிரலில் இரண்டு. கூட்டினால் (0, 3). பாடநெறியின் மீதி முழுவதும் இந்த ஒரு பார்வையின் மேல்தான் நிற்கிறது. ஆகவே இந்த இடத்தில் சப்டைட்டில் தடுமாறினால் மற்ற இடங்களில் சரியாக இருந்தும் பிரயோசனம் குறைவு.

முதலில் நேரம். ஆங்கிலச் சப்டைட்டில் கோப்பைத் திறந்து, ஒவ்வொரு துண்டின் ஆங்கிலத்தையும் அழித்து, அதே இடத்தில் தமிழை எழுதுவதுதான் வழக்கமான முறை. தொடக்க நேரமும் முடிவு நேரமும் அப்படியே இருப்பதால் நேரம் கச்சிதமாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் ஆங்கில வாக்கியம் வினையை நடுவில் வைத்துக்கொண்டு முன்னே போகிறது, தமிழ் வாக்கியம் வினையைக் கடைசியில் வைக்கிறது. ஒரு வாக்கியம் மூன்று துண்டாக வெட்டப்பட்டிருந்தால், முதல் துண்டில் வர வேண்டிய தமிழ் உண்மையில் மூன்றாம் துண்டில் உள்ள விஷயம். துண்டுக்குத் துண்டு மொழிபெயர்த்தவர் ஒன்றில் இடறிய தமிழ் எழுதுவார், அல்லது நல்ல தமிழை எழுதி அதைத் தவறான நேரத்தில் காட்டுவார்.

கரும்பலகை வகுப்பில் இரண்டாவது பிழை மோசமானது, ஏனென்றால் விரிவுரையாளரின் கை பேசிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு நிரல்களையும் எப்படிச் சேர்த்தால் வலப்பக்கம் வரும் என்று கேட்கும் இடத்தில் கை முதல் நிரலைத் தொட்டு, இரண்டாவதைத் தொட்டு, பிறகு வலப்பக்கம் போவதாக வைத்துக்கொள்வோம். “வலப்பக்கம் வர வேண்டுமானால்” என்று தமிழில் தொடங்கினால் இலக்கணம் சரி, கண் பார்ப்பதும் வாசிப்பதும் வேறு வேறு. இங்கே மொழிபெயர்ப்பாளர் கையின் ஒழுங்குக்கு ஏற்றபடி வாக்கியத்தைத் திருப்ப வேண்டும். தமிழ் அதற்கு இடம் கொடுக்கும். கீழே உள்ள துண்டுகளில் நேரங்கள் எடுத்துக்காட்டுக்காக நான் இட்டவை.

```
40
00:09:08,000 --> 00:09:12,100
இந்த column-ஐயும் இந்த column-ஐயும்
எப்படிச் சேர்த்தால் வலப்பக்கம் வரும்?

41
00:09:12,300 --> 00:09:16,800
முதல் column ஒன்று, இரண்டாவது column இரண்டு:
கூட்டினால் வலப்பக்கம் கிடைக்கிறது.
```

ஆங்கிலத்தில் இது நான்கைந்து துண்டாக இருந்திருக்கலாம். இணைத்து இரண்டாக்கினால் கெடுதல் இல்லை. வாக்கியம் தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் குரலோடு பொருந்தினால் போதும், இடையில் உள்ள வெட்டுகள் ஆங்கிலத்தின் வசதிக்கு இடப்பட்டவை.

இரண்டாவது துண்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. டெட் உரைகளின் தன்னார்வ மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சொல்லப்படும் அளவு ஒரு வரிக்கு 42 எழுத்து, ஒரு துண்டுக்கு இரண்டு வரி, ஒரு விநாடிக்கு 21 எழுத்துக்கு மேல் போகாமல் இருப்பது. பலரும் இதையே எல்லா வகைக் காணொளிக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். யூனிகோடின் குறிகளை ஒவ்வொன்றாக எண்ணும் மென்பொருளுக்கு மேலே உள்ள 41ஆம் துண்டின் முதல் வரி 44. அது சிவப்பாகக் காட்டும். ஆனால் “முதல்” என்பதை அது ஐந்தாக எண்ணுகிறது, நம் கண்ணுக்கு அது மூன்று எழுத்து. எழுத்து, இடைவெளி, நிறுத்தக்குறி எல்லாவற்றையும் நாம் எண்ணுகிற முறையில் எண்ணினால் அந்த வரி 35தான். முழுத் துண்டும் நாலரை விநாடிக்குள் நிம்மதியாக வாசிக்கக்கூடியது. சிவப்பைக் கண்டு பயந்து சொல்லை வெட்டுகிறவர்கள் தேவையில்லாமல் அர்த்தத்தை வெட்டுகிறார்கள். திரையில் வரி மூன்றாக மடிகிறதா என்று கண்ணால் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை.

இனிக் கலைச்சொல். ஆங்கிலத்தில் விடுவதற்குச் சொல்லப்படும் வழக்கமான காரணம், தமிழில் சொல் இல்லை என்பது. இந்தப் பாடத்தில் அது பொய். நம்மிடம் இருப்பது சொல் பஞ்சமல்ல, இரட்டைச் சொல். இங்கே தாயம் என்பது தமிழ்நாட்டுப் பாடநூலில் அணி. இங்கே காவி, அங்கே திசையன். இதுவாவது புரியாமல் போகும், அவ்வளவுதான். பௌதிகத்துக்குப் போனால் புரிந்ததுபோல் தோன்றித் தவறாகப் போகும்: தமிழ்நாட்டில் நிறை என்றால் மாஸ், எடை என்றால் வெயிட். இலங்கையில் திணிவு என்றால் மாஸ், நிறை என்றால் வெயிட். சென்னையில் செய்த கோப்பை உடுப்பிட்டிப் பிள்ளை வாசித்தால் கிலோகிராமும் நியூட்டனும் இடம் மாறிவிடும், அவருக்குச் சந்தேகமும் வராது. ஆங்கிலச் சொல்லை வைத்தால் இந்த விபத்து நடக்காது. பாக்கு நீரிணையின் இரு கரைக்கும் ஒரே கோப்பு வேண்டுமென்றால், ஆங்கிலத்தின் பக்கம் உள்ள மிக வலுவான வாதம் இதுதான்.

இரண்டாவது வாதம் காதைப் பற்றியது. பார்க்கிறவர் ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பதில்லை. காதில் ஆங்கிலச் சொல் விழும்போதே கண்ணில் அதே சொல் எழுத்தாக வந்தால், அடுத்த மாதம் விரிவுரை மண்டபத்தில் அது பழகிய சொல்லாகிவிடும்.

எதிர்ப்பக்கத்தில் யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், உடற்கூற்றியல் உட்பட மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார், கலைச்சொற்களைத் தேடித் தொகுத்தார். அவருக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியாது என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, ஒப்பீடு பொருந்தாது. கிறீனின் மாணவர் புதிய சொல்லைக் கண்டால் நின்று, பின்னால் புரட்டி, ஆசிரியரைக் கேட்டுவிட்டு மேலே போகலாம். சப்டைட்டில் வாசிப்பவருக்கு நாலு விநாடி. அடைப்புக்குள் விளக்கம் எழுத இடமில்லை, அடிக்குறிப்பு இல்லை. அத்தோடு கிறீனின் மாணவர் தமிழிலேயே தேறி வெளியே போனார், நம் பிள்ளை ஆங்கிலத்தில் பரீட்சை எழுதப் போகிறார்.

ஆனால் “எல்லாம் ஆங்கிலத்தில்” என்ற விதி இந்த விரிவுரையிலேயே தோற்கும் இடங்கள் உண்டு. சமன்பாடு, தீர்வு, பெருக்கு, கூட்டு, புள்ளி, கோடு இவையும் கலைச்சொற்கள்தான். இவற்றையும் ஆங்கிலத்தில் விட்டால் தமிழில் மிஞ்சுவது “இந்த”, “அந்த”, “ஆகும்” மட்டுமே. அப்படி ஒரு கோப்பு யாருக்கும் உதவாது, ஆங்கிலக் கோப்பையே வாசிக்கலாம். பொருளின் பெயரையும் செயலையும் பிரிப்பதுதான் என் தீர்வு. பலகையில் எழுதப்படுகிற, புத்தகத்தின் பின் அட்டவணையில் தேடப்படுகிற பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அந்தப் பெயருக்கு என்ன செய்கிறோம் என்பது முழுக்கத் தமிழில் வரட்டும்.

பெயரை எந்த எழுத்தில் எழுதுவது என்பதற்குப் பதில் எளிது. `column` என்பதைத் தமிழெழுத்தில் எழுதினால் “காலம்” என்று வந்து நிற்கும், நேரியல் இயற்கணிதம் சோதிடமாகிவிடும். வெக்டரை நாம் வெக்ரர் என்றும் எழுதுவோம். பலகையில் உள்ளதோடு கண் ஒப்பிட வேண்டுமானால் ரோமன் எழுத்தே வேண்டும். வேற்றுமை உருபைச் சிறுகோடிட்டு ஒட்டினால் போதும், ஆனால் அந்தக் கோட்டில் வரி உடைந்து அடுத்த வரி “ஐயும்” என்று தொடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிச்சமிருப்பது காவியும் தாயமும் ஏற்கெனவே படித்த பிள்ளை. அவருக்கு ஆங்கிலப் பெயரை மட்டும் கொடுத்தால், இது தனக்குத் தெரிந்த பொருள்தான் என்று சொல்ல யாருமில்லை. இங்கே கரும்பலகை வகுப்பு நமக்கு ஒரு சலுகை தருகிறது: ஸ்ட்ராங் எழுதும்போது பேச்சு நிற்கும் இடங்கள் உண்டு. பெயர் முதல் முறை வரும் துண்டை அந்த மௌனத்துக்குள் நீட்டி, “vector, அதாவது நாம் படித்த காவி” என்று ஒரே ஒரு தடவை எழுதலாம். இரண்டாம் தடவை எழுதக் கூடாது. தமிழ்நாட்டுக்கு அந்தச் சில துண்டுகளை மட்டும் மாற்றி இன்னொரு கோப்பு: ஒன்று `lecture01.ta-LK.srt`, மற்றது `lecture01.ta-IN.srt`.

தொழில்நுட்பத்தில் ஒரு எச்சரிக்கை நம் ஊருக்கே உரியது. பாமினியில் தட்டச்சுப் பழகியவர் அந்த எழுத்துருவிலேயே அடித்துக் கோப்பைச் சேமித்தால், திரையில் தமிழ் வராது. `jkpo;` என்று வரும். யூனிகோடில் அடித்து `UTF-8` ஆகச் சேமிக்க வேண்டும்.

தீர்ப்பு இது. பெயர்களை ரோமன் எழுத்தில் ஆங்கிலமாக விடுவது, பல்கலைக்கழகப் பாடத்துக்கு, சரி. எல்லாக் கலைச்சொல்லையும் அப்படி விடுவது பிழை. ஆங்கிலக் கோப்பின் நேர வெட்டுகளை அப்படியே காப்பாற்றுவது அதைவிடப் பெரிய பிழை, ஆனால் நல்ல வேலை என்று பாராட்டப்படுவது பெரும்பாலும் அதுதான். கோப்பு செய்கிறவர்கள் வெளியிடுவதற்கு முன் உயர்தரம் முடித்த ஒரு பிள்ளையிடம் பத்து நிமிடம் போட்டுக் காட்டி, இடையில் நிறுத்தி, விரிவுரையாளரின் கை இப்போது எந்த நிரலில் இருக்கிறது, அதை என்ன செய்யச் சொல்கிறார் என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வராத இடத்தில் கோப்பைத் திருத்துங்கள்.