ஒரே சாயம்

குடும்ப ஆல்பம் முழுக்கப் பழைய ஃபிலிமின் மங்கல் வேண்டுமென்றால், ஒரே ப்ரீசெட்டை எல்லாப் படத்திலும் போட்டால் போதும் என்றுதான் தோன்றும். போட்டுப் பாருங்கள்: டியூப்லைட்டில் எடுத்த சமையலறைப் படம் பச்சையடிக்கும், மண்டப விளக்கில் எடுத்தது ஆரஞ்சாகும். ப்ரீசெட் படத்திலுள்ள வேற்றுமையைத் தீர்ப்பதில்லை. அப்படியே சுமந்து செல்கிறது. அதனால் முதலில் ஒவ்வொரு படத்திலும் வெள்ளை வேட்டியையோ சுவரையோ பார்த்து ஒயிட் பேலன்ஸையும், முகங்களைப் பார்த்து வெளிச்சத்தையும் சமன் செய்ய வேண்டும். அலுப்பான வேலை; ஆனால் பாதி அழகு இங்கேதான் பிறக்கிறது.

மங்கலுக்கு டோன் கர்வின் இடது முனையை 0-இலிருந்து 25 அளவுக்கு உயர்த்தினால் போதும். அம்மாவின் கூந்தல் கருப்பிலிருந்து கருஞ்சாம்பலுக்கு மாறும். அதற்கு மேல் ஏற்றினால் பழமை போய்ப் புகைமூட்டம் வந்துவிடும்.

கிரெய்னில்தான் பலர் சறுக்குகிறார்கள். 4000 பிக்சல் படத்தில் தூவிய பொடியை அச்சளவுக்குச் சுருக்கினால் கரைந்துபோகும். வாட்ஸ்அப்பில் வந்த 1600 பிக்சல் படத்திலோ மணல் போல நிற்கும். எல்லாவற்றையும் முதலில் 1800x1200-க்கு, அதாவது 300 டிபிஐயில் 6x4 அங்குலத்துக்குக் கொண்டுவந்து, கடைசியாகத்தான் கிரெய்ன் சேர்க்க வேண்டும். ஸ்கேன் செய்த தாத்தா படத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பொடி வேண்டாம். மற்றவை அதைப் பார்த்து அளவு கற்கட்டும்.