ஆய்வாளர் தங்கிய வீடு

ஆராய்ச்சியேட்டில் ஆய்வாளர் தம் பிறப்பையும் கல்வியையும் முன்முடிவுகளையும் ஒளியாது கூறும் தன்னிலைக் குறிப்பை நான் விரும்பிப் படிப்பதுண்டு. அதற்கென விதிமுறைகள் பிறக்குமுன்பே, தஞ்சை மாவட்டத்துக் கிராமமொன்றை ஸ்ரீபுரம் என்னும் புனைபெயரில் ஆராய்ந்து 1965-இல் நூல் வெளியிட்ட ஆந்த்ரே பெத்தேல், அக்கிரகாரத்து வீட்டில் தங்கியதால் தாம் பிராமணர்களோடு சேர்த்து எண்ணப்பட்டதையும், ஆதிதிராவிடர்களோடு தமக்கு வாய்த்த பழக்கம் அதனாலேயே குறைந்ததையும் எழுதிவைத்தார். எந்தச் செய்தியை எவ்வளவு நம்பலாமென்று வாசகருக்கு அளந்து தருவதே அவ்வரிகளின் விசேஷம்.

எங்கள் டி. கல்லுப்பட்டிக் கரிசலில் பருத்தி எடுக்கும் பெண்களின் கூலியை ஒரு நிலவுடைமையாளர் மகள் ஆராய்வதாகக் கொள்வோம். “நான் நடுத்தரக் குடும்பத்தவள்” என்று நிறுத்தினால் அது வெறும் ஜாதகக் குறிப்பு (பெரும்பாலோர் அங்கேதான் நிறுத்துகிறார்கள்). அதைவிட, “எங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்டபோது கூலி போதுமென்றவர்கள், தங்கள் தெருவில் கேட்டபோது போதாதென்றார்கள்; ஆகவே திண்ணைப் பேட்டிகளைத் தனியே பிரித்துக் காட்டியுள்ளேன்” என்று எழுதினால், ஆய்வாளரின் நிலையும் அதன் விளைவும் அதற்கான பரிகாரமும் ஒருங்கே புலப்படும். இக்குறிப்புக்குரிய இடம் நன்றியுரைக்கு அருகிலன்று; ஆய்வுமுறையை விளக்கும் அத்தியாயமே.