ஒருங்கவில்லை என்றால் என்ன பொருள்?

1, 0, 0, 1, 0, 0, 0, 0, 1, 0, … இந்தத் தொடர்வரிசையில் n ஒரு முழு வர்க்கமாக இருந்தால் aₙ = 1, இல்லையென்றால் aₙ = 0. முதல் பத்தாயிரம் உறுப்புகளில் 1 என்பது நூறு இடங்களில்தான் வருகிறது. முதல் பத்து லட்சத்தில் ஆயிரம் இடங்களில். போகப்போக 1 அரிதாகிக்கொண்டே போகிறது. அப்படியானால் இந்த வரிசை 0-ஐ நோக்கி ஒருங்குகிறதா? இல்லை. அந்த ‘இல்லை’யைத் துல்லியமாகச் சொல்வது, ‘ஆம்’ என்பதைச் சொல்வதைவிடக் கடினம்.

கோஷி 1821-இல் வெளியிட்ட பகுப்பாய்வுப் பாடநூலில் எல்லையைச் சொற்களாலேயே வரையறுத்தார். மதிப்புகள் ஒரு நிலையான மதிப்பை விரும்பிய அளவுக்கு நெருங்கினால் அதுவே எல்லை என்பது அவர் சொன்னதன் சாரம். ‘விரும்பிய அளவு’ எதற்கு முன்னால் தீர்மானிக்கப்படுகிறது, எதற்குப் பின்னால் என்பதை அந்தச் சொற்கள் காட்டவில்லை. தொடர்ச்சியான சார்புகளின் ஒருங்கும் தொடரின் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியான சார்பே என்று அதே நூலில் அவர் எழுதியதற்கு 1826-இல் ஆபெல் எதிர்க்காட்டு கொடுத்தார். அந்தப் பிழையின் வேர் இந்த வரிசைமுறைக் குழப்பத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வைய்ர்ஸ்ட்ராஸின் பெர்லின் விரிவுரைகள் வழியாகப் பரவிய எப்சிலான் முறை, வரிசைமுறையை வெளிப்படையாக்கியது: எந்த ε > 0 கொடுத்தாலும், ஏதோ ஒரு N இருக்கும், n ≥ N ஆக உள்ள எல்லா n-க்கும் |aₙ − L| < ε.

இதை இருவர் ஆடும் ஆட்டமாகப் பார்க்கலாம். எதிராளி ε-ஐக் கொடுக்கிறார், நாம் N-ஐக் கொடுக்கிறோம், அதற்கு அப்பாலுள்ள ஏதேனும் ஒரு n-ஐக் காட்டி எதிராளி நம்மை மடக்கப் பார்க்கிறார். ஒருங்குகிறது என்றால், எந்த ε-க்கும் நம்மிடம் மடக்க முடியாத N உண்டு. ஒருங்கவில்லை என்றால், எதிராளியிடம் வெல்லும் வழி உண்டு. அவர் ஒரு ε-ஐத் தேர்ந்து வைத்துக்கொள்வார். நாம் எந்த N சொன்னாலும், அதற்கு அப்பால் தூரம் ε-க்குக் குறையாத ஓர் உறுப்பைக் காட்டிவிடுவார். ஆகவே மறுப்பு இது: ஏதோ ஒரு ε > 0 இருக்கிறது, எந்த N-க்கும், n ≥ N ஆக ஏதோ ஒரு n இருக்கிறது, அதற்கு |aₙ − L| ≥ ε. ‘எந்த’வும் ‘ஏதோ ஒரு’வும் இடம் மாறின, < என்பது ≥ ஆனது. ஆனால் ε, N, n வரும் வரிசை மாறவில்லை. n ≥ N என்பதும் மாறவில்லை. எந்த உறுப்புகளைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லும் நிபந்தனை அது.

நம் வரிசைக்கு ε = 1/2 போதும். N எதுவானாலும் n = N² என்று எடுப்போம். N² ≥ N, aₙ = 1, தூரம் 1. ஆட்டம் முடிந்தது.

மாணவர்கள் பெரும்பாலும் வழுக்குவது கடைசி அடியில். ‘ஏதோ ஒரு N-க்குப் பிறகு எல்லா உறுப்புகளும் ε அளவாவது தள்ளியே இருக்கும்’ என்று எழுதிவிடுவார்கள். நம் வரிசையில் இது பொய். எவ்வளவு தூரம் போனாலும் இரண்டு வர்க்கங்களுக்கு இடையே 0-கள் இருக்கின்றன. ஒருங்குதலின் வரையறையும் இங்கே பொய். ஒரு கூற்றும் அதன் மறுப்பும் ஒரே வரிசைக்குச் சேர்ந்து பொய்யாக முடியாது. ஆகவே எழுதியது மறுப்பே அல்ல. மறுப்பை எழுதியதும் இந்தச் சோதனையைச் செய்துபார்ப்பது நல்லது.

இன்னொரு வழுக்கல், ε-ஐக் கடைசிக்குத் தள்ளுவது: ‘எந்த N-க்கும் n ≥ N ஆக ஏதோ ஒரு n-உம் ஏதோ ஒரு ε-உம் உண்டு.’ பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் aₙ = 1/n என்ற வரிசையில் n = N, ε = 1/N என்று எடுத்தால், 0-இலிருந்து தூரம் 1/N; கூற்று உண்மையாகிவிடுகிறது! 0-க்கு ஒருங்கும் வரிசைகளில் நாம் முதலில் படிப்பதே ஒருங்கவில்லை என்றாகிவிடும். எதிராளி ஆட்டத்தின் நடுவே ε-ஐச் சுருக்கிக்கொண்டே போக இடம் கொடுத்ததால் வந்த வினை. ε முதலில் நிலைக்க வேண்டும். N-ஐப் பார்த்து மாற அனுமதி n-க்கு மட்டுமே.

ஓர் உறுப்பு மட்டும் தள்ளி இருப்பது போதுமா என்ற ஐயம் எழலாம். N ஒவ்வொன்றுக்கும் ஒன்று கிடைப்பதால் அது முடிவின்றித் தொடர்கிறது. N = 1 என்று வைத்து n₁-ஐப் பெறுவோம்; பிறகு N = n₁ + 1 என்று வைத்தால் அதைவிடப் பெரிய n₂ கிடைக்கும்; இப்படியே போனால், எல்லா உறுப்புகளும் L-இலிருந்து ε அளவாவது விலகி நிற்கும் ஓர் உட்தொடர்வரிசை கையில் வரும். நம் வரிசையில் அது 1, 1, 1, …

இதுவரை பேசியது 0-ஐப் பற்றி மட்டுமே. ‘0-க்கு ஒருங்கவில்லை’ என்பது ‘எதற்குமே ஒருங்கவில்லை’ ஆகாது. அதற்கு ஒவ்வொரு L-ஐயும் விலக்க வேண்டும். L ≠ 0 என்றால் ε = |L| என்று எடுப்போம். எந்த N-க்கு அப்பாலும் வர்க்கமல்லாத n ஒன்று உண்டு; அங்கே aₙ = 0, தூரம் சரியாக |L|. இங்கே ε, L-ஐப் பொறுத்து மாறுகிறது. அதில் தவறில்லை, ஏனெனில் L கையில் வந்த பிறகே ஆட்டம் தொடங்குகிறது.